பட்டம் ஏன் கோணலாகிறது: அளவுமாற்றம், சுழற்சி, தெறிப்பு ஆகியவற்றைப் பெருக்கும் ஒழுங்கு

"சேர், தைப்பொங்கலுக்காகப் பட்டம் ஏறும் காட்சி ஒன்றைக் கான்வஸில் செய்கிறேன். பட்டத்தை நெடுக்காக இரண்டு மடங்கு நீட்டி, 30 பாகை இடப்பக்கம் சாய்த்து, அதன் கண்ணாடி உருவையும் பக்கத்தில் வைக்க வேண்டும். மூன்றையும் தனித்தனியாகப் போட்டால் சரியாக வருகிறது. சேர்த்துப் போட்டால் பட்டத்தின் இரண்டு குச்சிகளும் செங்குத்தாக இல்லாமல் கோணலாகின்றன. கண்ணாடி உருவோ திரையிலேயே இல்லை. எந்த ஒழுங்கில் பெருக்க வேண்டும்? ஏன்?"

முதலில் நீட்ட வேண்டும், பிறகு சுழற்ற வேண்டும், கடைசியாக இடத்துக்கு நகர்த்த வேண்டும். நீட்டலை `S`, சுழற்சியை `R`, நகர்த்தலை `T` என்று குறித்தால், புள்ளியை நிரற்காவியாக எழுதுகிறவர்கள் இதை `M = T R S` என்று எழுதுவார்கள். புள்ளி வலது ஓரத்தில் நிற்பதால் அதற்குப் பக்கத்திலுள்ள `S` முதலில் வேலை செய்கிறது, இடது ஓரத்திலுள்ள `T` கடைசியாக வேலை செய்கிறது. தெறிப்புக்கு இப்படி ஒரே இடம் கிடையாது. கண்ணாடி பட்டத்தின் மீதே ஒட்டியிருக்கிறதா, திரையின் நடுவே நிற்கிறதா என்பதைப் பொறுத்து அது வலக்கோடியிலோ இடக்கோடியிலோ வரும். காரணத்தை விளங்கிக்கொண்டால் இந்த ஒழுங்கை மனனம் செய்ய வேண்டியதில்லை என்பதால் அதையே விரிவாக எழுதுகிறேன்.

உங்களுடைய பட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் இரண்டு குச்சிகளும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தை உற்பத்திப் புள்ளியாக வையுங்கள். குறுக்குக் குச்சியின் வலது முனை (1, 0), நெடுக்குக் குச்சியின் மேல் முனை (0, 1) என்று கொள்ளுங்கள். இரண்டுக்கு இரண்டு தாயம் ஒன்றின் முதல் நிரல் என்பது (1, 0) போய்ச் சேரும் இடம். இரண்டாம் நிரல் என்பது (0, 1) போய்ச் சேரும் இடம். ஆகவே இந்தப் பட்டத்தைப் பொறுத்தவரை தாயத்தின் இரு நிரல்களும் உருமாற்றத்துக்குப் பின்னரான இரு குச்சிகளேயாகும். தாயத்தை நான்கு எண்கள் கொண்ட பெட்டியாகப் பார்க்காமல் இரண்டு குச்சிகளாகப் பார்க்கப் பழகிவிட்டால், கணக்கில் நேரும் பிழை பெரும்பாலும் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இப்போதைக்கு y அச்சு மேல்நோக்கியது என்று, பள்ளிக்கூடத்தில் படித்தபடியே வைத்துக்கொள்வோம். நெடுக்காக இரண்டு மடங்கு நீட்டும் தாயம் `S`, அதன் நிரல்கள் (1, 0), (0, 2). இடஞ்சுழியாக 30 பாகை சுழற்றும் தாயம் `R`, அதன் நிரல்கள் (0.866, 0.5), (−0.5, 0.866).

சரியான ஒழுங்கில் முதலில் நீட்டுகிறோம். குறுக்குக் குச்சி (1, 0) என்றே இருக்கிறது, நெடுக்குக் குச்சி (0, 2) ஆகிறது. பிறகு சுழற்றுகிறோம். குறுக்குக் குச்சி (0.866, 0.5) ஆகிறது, நெடுக்குக் குச்சி (−1, 1.732) ஆகிறது. இவற்றின் எண்ணிப் பெருக்கம் −0.866 + 0.866, அதாவது 0. குச்சிகள் செங்குத்தாகவே இருக்கின்றன. ஒன்றின் நீளம் 1, மற்றதன் நீளம் 2. நீங்கள் கேட்ட பட்டம் இதுதான்.

ஒழுங்கை மாற்றி முதலில் சுழற்றிப் பார்ப்போம். குச்சிகள் (0.866, 0.5), (−0.5, 0.866) என்று சாய்கின்றன. இப்போது நீட்டினால் இரண்டு குச்சிகளினதும் y ஆள்கூறு இரட்டிக்கிறது: (0.866, 1), (−0.5, 1.732). எண்ணிப் பெருக்கம் −0.433 + 1.732, அதாவது 1.299. குச்சிகளுக்கிடையிலான கோணம் 90 பாகையிலிருந்து 57 பாகையாகச் சுருங்கிவிட்டது. இன்னும் உற்றுப் பார்த்தால், 30 பாகை சாய வேண்டிய நெடுக்குக் குச்சி ஏறத்தாழ 16 பாகைதான் சாய்ந்திருக்கிறது. குறுக்குக் குச்சியோ 49 பாகை எழும்பி நிற்கிறது. நீளங்களும் 1, 2 என்று இல்லாமல் 1.32, 1.80 ஆகிவிட்டன. உங்கள் திரையில் நீங்கள் பார்த்த கோணல் பட்டம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இப்படி ஆவதற்குக் காரணம், அளவுமாற்றத் தாயத்துக்குப் பட்டத்தைத் தெரியாது என்பதுதான். அதற்குத் தெரிந்தவை கிடை அச்சும் நிலை அச்சும் மட்டுமே. பட்டம் நேராக நிற்கும்போது நெடுக்குக் குச்சி நிலை அச்சோடு பொருந்தியிருப்பதால், "நிலை அச்சு வழியே நீட்டு" என்பதும் "நெடுக்குக் குச்சி வழியே நீட்டு" என்பதும் ஒன்றாகவே இருக்கின்றன. பட்டம் சாய்ந்த மறுகணம் அவை வேறுவேறாகின்றன. பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டை வெட்டி, அதில் சிலுவைக்குறி ஒன்றை நேராகவும் இன்னொன்றைச் சாய்வாகவும் பேனாவால் கீறி, இரண்டு கைகளாலும் மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். நேரான சிலுவை நீளும், ஆனால் செங்கோணம் மாறாது. சாய்ந்த சிலுவை கத்தரிக்கோல் போல மடங்கும். இழுக்கும் திசை உங்கள் கைகளுடையது, சிலுவையுடையது அல்ல.

இதிலிருந்தே எப்போது ஒழுங்கு பொருட்டல்ல என்பதும் தெரிந்துவிடுகிறது. எல்லாத் திசையிலும் ஒரே அளவால் பெருப்பித்தால் இழுக்கும் திசை என்று ஒன்று இல்லை. ஆகவே அதைச் சுழற்சிக்கு முன்னே போட்டாலும் பின்னே போட்டாலும் ஒன்றுதான். தளத்தில் ஒரே புள்ளியைப் பற்றிய இரண்டு சுழற்சிகளும் எந்த ஒழுங்கிலும் ஒரே விளைவையே தரும். முப்பரிமாணத்தில், ஒரே அச்சைப் பற்றியவையாக இருந்தாலொழிய, பொதுவாக அப்படிச் சொல்ல முடியாது. பலருக்கு இந்தப் பிழை நெடுநாள் வெளிப்படாமல் இருப்பதற்குக் காரணமும் இதுவே: x, y இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துச் சோதித்திருப்பார்கள், எல்லாம் சரியாகவே வந்திருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். துணிகோவையைக் கணித்துப் பார்த்து ஒழுங்கு சரியா என்று அறியலாம் எனச் சில மாணவர் எண்ணுகிறார்கள். மேலே கண்ட இரண்டு தாயங்களினதும் துணிகோவை 2 தான், ஏனென்றால் பெருக்கத்தின் துணிகோவை துணிகோவைகளின் பெருக்கமே, அதில் ஒழுங்குக்கு இடமில்லை. கோணல் பட்டத்தின் பரப்பளவும் நல்ல பட்டத்தின் பரப்பளவும் சமம். கோணலைக் காட்டிக்கொடுப்பது நிரல்களின் எண்ணிப் பெருக்கம் மட்டுமே. கான்வஸில் அதைச் சோதிக்க, வரைவதற்குச் சற்று முன்னர் இந்த வரிகளைப் போடுங்கள்:

```js
const m = ctx.getTransform();
console.log(m.a * m.c + m.b * m.d);
console.log(m.a * m.d - m.b * m.c);
```

`a`, `b` முதல் நிரல். `c`, `d` இரண்டாம் நிரல். முதல் எண் 0 ஆகவோ, தசமக் கணிப்பின் சிறு வழு காரணமாக 0 க்கு மிக அண்மையாகவோ இருந்தால் குச்சிகள் செங்குத்து. இரண்டாவது எண் துணிகோவை. அதன் குறி தெறிப்புக்கு வரும்போது தேவைப்படும்.

இனி நிரலாக்கத்தில் இந்த ஒழுங்கு எப்படி எழுதப்படுகிறது என்பதற்கு வருவோம். கான்வஸில் நீங்கள் அழைக்கும் ஒவ்வொரு உருமாற்றமும் அதுவரை சேர்ந்துள்ள தாயத்தின் வலப்பக்கத்தில் போய்ப் பெருக்கப்படுகிறது. ஆகவே `T R S` வேண்டுமென்றால் அதே ஒழுங்கில் மேலிருந்து கீழாக எழுத வேண்டும்:

```js
ctx.translate(300, 200);
ctx.rotate(-Math.PI / 6);
ctx.scale(1, 2);
drawBody();
```

கடைசியாக எழுதிய `scale` தான் புள்ளியின் மேல் முதலில் வேலை செய்கிறது. "முதலில் நீட்ட வேண்டும்" என்று நினைத்து `scale` வரியை மேலே எழுதுவதே பெரும்பாலானோர் விடும் பிழை. நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இந்த வரிகளை இரண்டு விதமாக வாசிக்கலாம், இரண்டும் சரியானவை. கீழிருந்து மேலாக வாசித்தால் அச்சுகள் அசையாமல் நிற்க, பட்டம் நீள்கிறது, சாய்கிறது, நகர்கிறது. மேலிருந்து கீழாக வாசித்தால் அச்சுகளே அசைகின்றன: வரைதாளின் உற்பத்தி (300, 200) க்குப் போகிறது, அங்கே அச்சுகள் சாய்கின்றன, சாய்ந்த அச்சு வழியே அலகு நீளம் இரட்டிக்கிறது, கடைசியில் அந்த அச்சுகளின் மீது பட்டம் கீறப்படுகிறது. எனக்கு இரண்டாவது வாசிப்பே கைக்கு இலகுவாக இருக்கிறது. எதை எடுத்தாலும் ஒரு பட்டத்தைக் கீறி முடியும் வரையாவது அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் மாறினால்தான் குழப்பம்.

சுழற்சியின் குறியையும் கவனியுங்கள். கான்வஸில் y கீழ்நோக்கிக் கூடுவதால் நேர்க்கோணம் திரையில் வலஞ்சுழியாகத் தெரியும். இடப்பக்கம் சாய வேண்டுமென்பதால் கோணத்தை மறையாகக் கொடுத்திருக்கிறேன். கோணம் ஆரையனில் இருக்க வேண்டும். 30 பாகை என்பது π/6.

ஒரு புள்ளியை முழுமையாகப் பின்தொடர்வோம். குச்சிகளின் அரை நீளம் 60 படப்புள்ளிகள் என்று வைத்தால், மேல் முனை (0, −60). நீட்டியபின் (0, −120). 30 பாகை சுழற்றியபின் (−60, −103.9). நகர்த்தியபின் (240, 96.1). உங்கள் திரையில் பட்டத்தின் தலை இந்த இடத்தில் இருக்க வேண்டும். ஒழுங்கு பிழைத்திருந்தால் அது (270, 96.1) இல் இருக்கும். உயரம் இரண்டிலும் ஒன்றே, 30 படப்புள்ளிகள் மட்டும் வலப்பக்கமாக விலகியிருக்கும். மேல்வாரியாகப் பார்க்கிறவருக்குப் பட்டம் "கொஞ்சம் குறைவாகச் சாய்ந்திருக்கிறது" என்றுதான் படும். கோணத்தைக் கூட்டிச் சரிக்கட்டப் போனால் கோணலின் உருவம் மாறுமேயொழிய, சாய்ந்த பட்டம் ஒருபோதும் நேர்ப்படாது.

இப்போது தெறிப்பு. இடம் வலம் மாற்றும் தாயத்தை `F` என்போம். அதன் நிரல்கள் (−1, 0), (0, 1). கான்வஸில் இது `scale(-1, 1)`. வடிவில் இது அளவுமாற்றம் போன்றே இருப்பதால், அளவுமாற்றத்தோடு எந்த ஒழுங்கில் வந்தாலும் பிரச்சினை இல்லை. சுழற்சியோடு சேரும்போதுதான் வேறுபாடு வருகிறது, அதுவும் ஒழுங்கான ஒரு விதிப்படி வருகிறது: `F R(θ) = R(−θ) F`. பக்கவாட்டில் நிற்கும் கண்ணாடிக்கு அருகே கையை இடஞ்சுழியாகச் சுழற்றினால் கண்ணாடிக்குள் இருக்கும் கை வலஞ்சுழியாகச் சுழல்கிறது என்பதைத்தான் இந்தச் சமன்பாடு சொல்கிறது.

ஆகவே இரண்டு தெரிவுகள் இருக்கின்றன. `T R F S` என்று உள்ளே போட்டால், நேராக நிற்கும் பட்டம் தன் நெடுக்குக் குச்சியைப் பற்றித் தெறித்து, பிறகு வழமைபோல் இடப்பக்கம் சாய்ந்து, அதே இடத்தில் வந்து நிற்கும். பட்டம் இடம் வலம் சமச்சீரானது என்பதால் எதுவுமே நடக்காதது போலத் தோன்றும். `F T R S` என்று வெளியே போட்டால், சாய்ந்து நகர்ந்த முழுப் பட்டமும் கண்ணாடியின் மறுபக்கத்துக்குப் போய் வலப்பக்கமாகச் சாயும். நீங்கள் கேட்பது இந்த இரண்டாவது.

ஆனால் அதை அப்படியே எழுதினால் பட்டம் திரையை விட்டே போய்விடும். `F` என்னும் கண்ணாடி x = 0 என்ற கோட்டில், அதாவது கான்வஸின் இடது விளிம்பில் நிற்கிறது. 300 இல் இருந்த பட்டம் −300 க்குப் போகிறது. உங்கள் கண்ணாடி உரு காணாமற்போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கண்ணாடியை x = 400 இல் நிறுத்த, 400 ஐ உற்பத்திக்குக் கொண்டுவந்து, தெறித்து, திரும்பவும் 400 க்குக் கொண்டுபோக வேண்டும். x முதலில் x − 400 ஆகிறது, பிறகு 400 − x, பிறகு 800 − x. முதலும் கடைசியுமான நகர்த்தல்கள் இரண்டும் சேர்ந்து ஒரே நகர்த்தலாகச் சுருங்குவதால் நிரல்வரிகள் எளிதாகிவிடுகின்றன:

```js
ctx.save();
ctx.translate(800, 0);
ctx.scale(-1, 1);
drawKite();
ctx.restore();
```

`drawKite` என்பது முன்னே எழுதிய நான்கு வரிகளையும் தன் சொந்த `save`, `restore` இரண்டுக்கும் நடுவே வைத்திருக்கும் செயற்கூறு. இப்போது பட்டத்தின் நடு 300 இலிருந்து 500 க்கும், தலை (240, 96.1) இலிருந்து (560, 96.1) க்கும் போகும். எந்தவொரு புள்ளியைப் பற்றிச் சுழற்றுவதற்கும் எந்தவொரு கோட்டில் தெறிப்பதற்கும் இதே வழிதான்: அந்தப் புள்ளியையோ கோட்டையோ உற்பத்திக்குக் கொண்டுவா, வேலையைச் செய், திரும்பக் கொண்டுபோ. கோடு சாய்வாக இருந்தால் நகர்த்தலோடு ஒரு சுழற்சியும் அதன் நேர்மாறும் இருபுறமும் சேரும், அவ்வளவுதான்.

இந்தப் பிழையை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். கோயில் திருவிழாப் பந்தலின் வாசலுக்கு மின்குமிழ் அலங்காரம் ஒன்றின் வரைபடத்தை நிரல் எழுதித் தயாரித்தேன். வாசலின் இடப்பக்கம் ஒரு மயில், வலப்பக்கம் அதை நோக்கியபடி இன்னொரு மயில். தெறிப்பை வெளியே போடுவதற்குப் பதிலாக உள்ளே போட்டுவிட்டேன். இரண்டாவது மயில் வலப்பக்கம் போகாமல், முதல் மயிலின் இடத்திலேயே மறுபுறம் திரும்பி அதன் மேல் படிந்து கிடந்தது. சிறிதாக்கிப் பார்த்த திரையில் தோகை அடர்ந்த ஒரே மயிலாகத்தான் தெரிந்தது, நான் வலப்பக்கத்து மயில் இன்னும் கீறப்படவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இடப்பக்கத்துக் குமிழ்களின் எண்ணிக்கை நான் எதிர்பார்த்ததன் சரியாக இரண்டு மடங்காக வந்த பிறகுதான் பிழை எங்கே என்று விளங்கியது. அன்றிலிருந்து சமச்சீரான உருவத்தை வைத்து நான் எதையும் சோதிப்பதில்லை. நீங்களும் பட்டத்தின் ஒரு மூலையில் "க" என்ற எழுத்தைக் கீறிவையுங்கள். அது எந்த மூலையில் இருக்கிறது, நேராக வாசிக்க முடிகிறதா, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற மூன்றும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

தெறிப்பு நடந்திருக்கிறதா என்பதைத் துணிகோவையின் குறி காட்டும். மூலப் பட்டத்துக்கு 2, கண்ணாடிப் பட்டத்துக்கு −2. இருமுறை தெறித்தால் குறி மறுபடியும் நேராகும், ஏனெனில் இரண்டு தெறிப்புகள் சேர்ந்தால் அது ஒரு சுழற்சி. இரு கண்ணாடிகளும் ஒரு புள்ளியில் வெட்டினால், அவற்றுக்கிடையிலான கோணத்தின் இரு மடங்கு அளவு சுழலும். முப்பரிமாணத்தில் இந்தக் குறிக்கு நேரடி விளைவு ஒன்று உண்டு. ஒரு முக்கோணத்தின் உச்சிகள் இடஞ்சுழியாக வருகின்றனவா என்பதைக் கொண்டே அது முன்முகமா பின்முகமா என்று OpenGL தீர்மானிக்கிறது. தெறித்த உருவத்தில் அந்தச் சுழி தலைகீழாவதால், பின்முகங்களை நீக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், முன்முகங்கள் மறைந்து உருவத்தின் உட்புறம் தெரியத் தொடங்கும். தெறித்தவற்றை வரையும்போது மட்டும் `glFrontFace(GL_CW)` என்று மாற்றி, பிறகு `GL_CCW` க்குத் திரும்ப வேண்டும்.

இதுவரை ஒரே பட்டம். ஆனால் உங்கள் காட்சியில் பட்டத்துக்கு வால் இருக்கும், அது காற்றில் ஆடும். இங்கேதான் ஒழுங்கைச் சரியாகத் தெரிந்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள். வால் பட்டத்தோடு சேர்ந்து சாய வேண்டும் என்பதால் அதைப் பட்டத்தின் தாயத்துக்குள்ளேயே வைத்து, வாலுக்கென்று இன்னொரு சுழற்சியைப் பெருக்குவோம். அப்போது பெருக்கம் `T R S R₂` ஆகிறது. `S` க்கு முன்பாக `R₂` என்ற சுழற்சி புள்ளியின் மேல் வேலை செய்கிறது. முதற்கணக்கில் பார்த்த அதே கோணல் வாலில் வந்துவிடும். வால் நேராகத் தொங்கும் கணத்தில் அது தெரியாது. ஆடத் தொடங்கும்போது வாலில் கட்டிய துணித்துண்டுகள் ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் ஒடுங்கியும் இழுபடும்.

வரிகளை இடம் மாற்றி இதைத் தீர்க்க முடியாது. நீட்டலை வாலுக்குக் கடத்தாமல் விடுவதே தீர்வு. சாய்வும் இடமும் பட்டத்துக்கும் வாலுக்கும் பொதுவானவை, நீட்டல் பட்டத்தின் உடலுக்கு மட்டும் உரியது. ஆகவே நீட்டலைத் தனியாகப் பொதி செய்யுங்கள்:

```js
ctx.translate(300, 200);
ctx.rotate(-Math.PI / 6);
ctx.save();
ctx.scale(1, 2);
drawBody();
ctx.restore();
ctx.translate(0, 120);
ctx.rotate(swing);
drawTail();
```

`restore` க்குப் பிறகு நீட்டல் போய்விட்டதால், வால் கட்டும் இடத்தை 60 என்று கொடுக்காமல், நீட்டிய அளவான 120 என்று நாமே கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்தச் சிறு கணக்குத்தான் இந்த முறைக்கு நாம் செலுத்தும் விலை.

இந்தக் கோணலை ஏன் வேறு வழியில் நேராக்க முடியாது என்பதற்கு எண்ணிக்கையே விடை. நகர்த்தலை விட்டால் `R S` என்ற வடிவத்தில் மூன்று எண்கள்தான் இருக்கின்றன: கோணம், x அளவு, y அளவு. பொதுவான இரண்டுக்கு இரண்டு தாயத்திலோ நான்கு எண்கள். எஞ்சிய அந்த ஒன்றுதான் கோணல். `S R₂` என்று பெருக்கியதும் நான்காவது எண் உள்ளே வந்துவிடுகிறது. அதன் பிறகு அதை ஒரே கோணமும் இரண்டு அளவுகளுமாகத் திருப்பி எழுத முடியாது. யூனிட்டியில் ஒவ்வொரு பொருளுக்கும் இடம், சுழற்சி, அளவு என்று மூன்றையும் தனித்தனியாகக் காட்டுகிறார்கள் அல்லவா? நீட்டப்பட்ட தாய்ப்பொருளுக்குள் சுழற்றிய சேய்ப்பொருள் இருந்தால், அதன் முழு அளவை அந்த வடிவில் சரியாகக் கூற இயலாது. அங்கே அந்தப் பண்புக்கு `lossyScale` என்று, இழப்பைக் குறிக்கும் பெயர் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் நிரலைத் திருத்தும்போது "தலைகீழாகச் சுழல்கிறது" என்ற குறை இனியும் தலைகாட்டக்கூடும். அதற்கு மூன்று வேறு காரணங்கள் இருக்கலாம், மூன்றையும் மேலே சொன்ன இரண்டு எண்களைக் கொண்டு பிரித்தறியலாம். துணிகோவை மறையாக இருந்தால் எங்கோ ஒரு தெறிப்பு வெளியே நின்று சுழற்சியைத் திருப்புகிறது. துணிகோவை நேராகவும் எண்ணிப் பெருக்கம் 0 ஆகவும் இருந்தால் உருமாற்றத்தில் பிழை இல்லை, y அச்சின் திசையை மறந்து கோணத்தின் குறியைத்தான் மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். துணிகோவை நேராக இருந்து, சுழற்சியும் தலைகீழாகி, பட்டமும் கோணலாகியிருந்தால், தாயம் நிரை நிரல் மாறி உள்ளே போயிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். `R S` இன் நிரைகளை நிரல்களாக மாற்றினால் கிடைப்பது `S R(−θ)`. சுழற்சியும் திரும்பிவிடுகிறது, ஒழுங்கும் திரும்பிவிடுகிறது.

இந்த மூன்றாவது, ஒரு நூலகத்துக்கு எழுதியதை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும்போது அடிக்கடி வரும். OpenGL பாடங்கள் புள்ளியை நிரற்காவியாக எழுதி `T R S` என்கின்றன. Direct3D வழக்கில் புள்ளி நிரையாக இடப்பக்கம் நிற்கிறது, ஆகவே அதே வேலை அங்கே `S R T` என்று எழுதப்படுகிறது. இரண்டிலும் புள்ளிக்கு அருகில் நிற்பது `S` தான் என்பதைப் பார்த்துக்கொண்டால் போதும். இணையத்தில் ஒருவர் "ஒழுங்கு S R T" என்றும் இன்னொருவர் "T R S" என்றும் எழுதியிருப்பதைக் கண்டு, ஒருவர் பிழை என்று முடிவுகட்ட வேண்டாம். புள்ளியை எந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

கடைசியாக, பட்டம் அசையும் காட்சி என்பதால் ஒன்று. ஒவ்வொரு சட்டகத்திலும் பழைய தாயத்தை எடுத்து, அதன் மேல் இன்னுமொரு சிறு சுழற்சியையும் இன்னுமொரு சிறு நீட்டலையும் பெருக்கிக்கொண்டே போகாதீர்கள். அப்படிச் செய்தால் `R S R S R S` என்று நீண்டுகொண்டே போகும் பெருக்கத்தில் ஒவ்வொரு `S` க்கு முன்னும் ஒரு சுழற்சி வந்து, கோணல் சட்டகத்துக்குச் சட்டகம் சேர்ந்துகொண்டிருக்கும். தொடக்கத்தில் நன்றாக இருந்த பட்டம் சிறிது நேரத்தில் நசுங்கத் தொடங்குவது இதனால்தான். பட்டத்தின் இடம், கோணம், இரண்டு அளவுகள் ஆகியவற்றை வெறும் எண்களாக வைத்துக்கொண்டு, அசைவின்போது அந்த எண்களை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு சட்டகத்தின் தொடக்கத்திலும் `ctx.setTransform(1, 0, 0, 1, 0, 0)` என்று தாயத்தைத் துடைத்துவிட்டு, அந்த எண்களிலிருந்து `T R S` ஐப் புதிதாகக் கட்டுங்கள்.